'6/12' என்றால் ஆறு ஆண்டுகள் அல்ல: எங்கள் கோரிக்கையை நிராகரித்த காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: இழப்பீட்டுக் கோரிக்கைப் பிரிவின் தலைவர் மற்றும் குறைதீர்ப்பு அலுவலர்

ஐயா, அம்மையீர்,

என் கணவருக்கு 2024 செப்டம்பரில் மாரடைப்பு ஏற்பட்டு ஸ்டென்ட் பொருத்தப்பட்டது. அதற்கான இழப்பீட்டுக் கோரிக்கையை 2025 ஜனவரி 28 தேதியிட்ட கடிதத்தின் மூலம் நிராகரித்திருக்கிறீர்கள். பாலிசி என் பெயரில் இருக்கிறது. முன்மொழிவுப் படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட்டவளும் நான்தான். ஆகவே, "முன்பே இருந்த உயர் ரத்த அழுத்தத்தை மறைத்தார்" என்று உங்கள் கடிதம் சொல்வது என்னைத்தான். அதற்கான பதில் இது. உங்கள் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிய அதே பதிலைப் பொதுவெளியிலும் வைக்கிறேன். இதே வாசகத்தோடு நிராகரிப்புக் கடிதம் பெறும் மற்றவர்கள் எந்தத் தாளை எங்கே தேட வேண்டும் என்று தெரிந்துகொள்ளட்டும்.

உங்கள் கடிதம் மூன்று காரணங்களைச் சொல்கிறது. மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியில் "உயர் ரத்த அழுத்தம், 6 ஆண்டுகள்" என்று இருப்பது முதல் காரணம். எக்கோ பரிசோதனையில் இதயச் சுவர் சற்றுத் தடித்திருப்பதால் நோய் நெடுநாள் இருந்திருக்க வேண்டும் என்று உங்கள் மருத்துவர் கருதுவது இரண்டாவது. பாலிசி எடுப்பதற்கு முன் ஒரு பல் மருத்துவமனையில் அவருடைய ரத்த அழுத்தம் உயர்ந்து பதிவாகியிருப்பது மூன்றாவது. மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன், எது நடந்ததோ அதைத் தேதி வரிசையில் வைக்கிறேன். ஒவ்வொரு தேதிக்கும் உரிய ஆவணத்தின் நகல் தபாலில் உங்களுக்கு வந்திருக்கிறது.

2019, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் என் கணவர் பணிபுரியும் இடத்தில் ஊழியர்களுக்கான உடல் பரிசோதனை நடந்தது. முதல் அறிக்கையில் ரத்த அழுத்தம் 124/80. இரண்டாவதில் 130/84. இரண்டுமே நோயென்று கொள்ளும் 140/90க்குக் கீழே. இரண்டிலும் "நாள்பட்ட நோய்" என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதி மருத்துவர் கையெழுத்திட்டிருக்கிறார். ஆறு ஆண்டுகள் என்ற உங்கள் கணக்குப்படி பார்த்தால், 2018 செப்டம்பரிலேயே அவர் பிரஷர் நோயாளி. அப்படியானால் இந்த இரண்டு பரிசோதனைகளின்போதும் அவர் நோயாளியாகவே மருத்துவர் முன் உட்கார்ந்திருக்க வேண்டும்.

2021 ஜூனில் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். ஊசி போடுவதற்கு முன் எடுத்த அளவு 148/92. அரை மணி நேரம் உட்காரவைத்து மறுபடி எடுத்தபோது 134/84. பல்லை அன்றே பிடுங்கி அனுப்பினார்கள். இதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

2022 ஆகஸ்ட் 3 அன்று, பாலிசி தருவதற்கு முன், நீங்கள் குறிப்பிட்ட பரிசோதனைக் கூடத்தில், நீங்கள் அனுப்பிய மருத்துவர் அவரைப் பரிசோதித்தார். ரத்த அழுத்தம் 128/82. ஈசிஜி இயல்பு. சிறுநீரில் புரதம் இல்லை. இது எங்கள் தாள் அல்ல, உங்கள் தாள். நிராகரிப்புக் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பல் மருத்துவமனை வரை போய்த் தேடிய உங்கள் விசாரணையாளருக்குச் சொந்த அலுவலகத்தின் கோப்பு கிடைக்கவில்லை போலிருக்கிறது.

2022 ஆகஸ்ட் 12 அன்று பாலிசி தொடங்கியது. 2023, 2024 ஆகஸ்ட் மாதங்களில் இடைவெளியின்றிப் புதுப்பிக்கப்பட்டது. காப்பீட்டுத் தொகையை நாங்கள் கூட்டவில்லை. எனவே புதிய முன்மொழிவு எதையும் நீங்கள் கேட்கவில்லை, நாங்களும் தரவில்லை.

2024 மார்ச் 14 அன்று, விடாத தலைவலிக்காகக் குடும்ப மருத்துவரிடம் போனபோது ரத்த அழுத்தம் 152/96. ஒருமுறை எடுத்த அளவை வைத்து அவர் எதையும் முடிவு செய்யவில்லை. ஒரு வாரம் வீட்டில் காலையும் மாலையும் அளந்து எழுதிவரச் சொன்னார். மார்ச் 23 அன்று மறுபடியும் அவர் அளந்தபோது 150/94. வீட்டில் எழுதிய தாளிலும் பெரும்பாலான அளவுகள் உயர்ந்தே இருந்தன. அன்றுதான் "உயர் ரத்த அழுத்தம், புதிதாகக் கண்டறியப்பட்டது" என்று எழுதி, அம்லோடிபின் 5 மில்லிகிராம் மாத்திரையை நாளுக்கு ஒன்றாகத் தொடங்கினார். சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் அளவு 0.9, இயல்பு. சிறுநீரில் புரதம் இல்லை. பாலிசி தொடங்கி ஏறத்தாழ 19 மாதங்கள் ஆகியிருந்தன.

2024 ஏப்ரல் 27 அன்று கணுக்கால் வீக்கத்தோடு திரும்பப் போனார். அம்லோடிபினுக்கு நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு அது. மாத்திரையை நிறுத்தி, டெல்மிசார்டான் 40 மில்லிகிராமுக்கு மாற்றினார் மருத்துவர். இந்தச் சீட்டை உங்கள் மருத்துவர் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆறு ஆண்டுகளாகப் பிரஷர் மருந்து எடுப்பவருக்குத் தொடக்க அளவில் ஒரே ஒரு மாத்திரை புதிதாக எழுதப்படுவதும், அது ஒத்துக்கொள்ளாமல் அடுத்த மாதமே மாற்றப்படுவதும் நடக்குமா? சிகிச்சை அப்போதுதான் தொடங்கியது என்பதை அந்த இரண்டு சீட்டுகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கிற எந்த மருத்துவரும் சொல்லிவிடுவார்.

2024 மே மாதம் கண் மருத்துவர் விழித்திரையைப் பார்த்தார். ரத்த அழுத்தத்தால் ஏற்படும் மாற்றம் எதுவும் இல்லை என்று எழுதினார். ஜூனில் ரத்த அழுத்தம் 128/80.

2024 செப்டம்பர் 19 அன்று, விடிவதற்கு வெகு நேரம் முன், மாரடைப்பு. அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போன சிறிது நேரத்தில் ஆஞ்சியோபிளாஸ்டி செய்து, இதயத்தின் முன்பக்கத் தமனியில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். 24ஆம் தேதி வீடு திரும்பினார். மருத்துவமனைக்கு நீங்களே நேரடியாகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் அனுமதியை முதலில் தந்த நீங்கள், டிஸ்சார்ஜ் சம்மரி கைக்கு வந்த பிறகு அதைத் திரும்பப் பெற்றீர்கள். முழுத் தொகையையும் நாங்களே கட்டிவிட்டுத்தான் வெளியே வந்தோம்.

இனி உங்கள் முதல் காரணத்துக்கு வருகிறேன். அவசரப் பிரிவில் என் கணவரைப் படுக்கையில் கிடத்தி ஈசிஜி கம்பிகளை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அவரால் பேச முடியவில்லை. பணியிலிருந்த இளம் மருத்துவர் அட்டையில் செருகிய தாளோடு என்னிடம் வந்து, எழுதுவதை நிறுத்தாமலே கேள்விகளைக் கேட்டார். வலி எப்போதிலிருந்து? மூன்று நாளாக மாடி ஏறினால் நெஞ்சு அடைக்கிறது என்று கணவர் சொல்லிவந்தார், இன்று இரவுதான் தாங்க முடியவில்லை என்றேன். சர்க்கரை? இல்லை. பிரஷர்? ஆறு மாதமாக இருக்கிறது, இந்த மாத்திரை என்று அட்டையை நீட்டினேன். அவர் எழுதியது இரண்டே வரிகள். முதல் வரியில் நெஞ்சு அடைப்பு, 3/7. இரண்டாவதில் உயர் ரத்த அழுத்தம், 6/12, டெல்மிசார்டான் 40.

மருத்துவர்கள் கால அளவை இப்படிப் பின்னமாக எழுதுவது பழைய வழக்கம். வாரத்துக்கு ஏழு நாள் என்பதால் கீழே 7 இருந்தால் நாள். ஆண்டுக்கு 52 வாரம் என்பதால் கீழே 52 இருந்தால் வாரம். ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதம் என்பதால் கீழே 12 இருந்தால் மாதம். 3/7 என்றால் மூன்று நாள். 6/12 என்றால் ஆறு மாதம். மருத்துவப் படிப்பின் தொடக்கத்திலேயே இதைக் கற்றுக்கொள்கிறார்கள். உங்கள் கோரிக்கைப் பிரிவில் இருக்கும் மருத்துவர்களும் இதைக் கற்றவர்கள்தான்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் 3/7 என்பது "3 நாட்கள்" என்று சரியாக வந்திருக்கிறது. அதற்கு அடுத்த வரியில் இருந்த 6/12 மட்டும் "6 ஆண்டுகள்" ஆகிவிட்டது. எப்படி என்று மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் கேட்டேன். நோய் அறிகுறிகளை அவர்கள் கணினியில் தாங்களே தட்டச்சு செய்கிறார்கள். நாள்பட்ட நோய்களுக்கு மட்டும் தனிக் கட்டம் இருக்கிறது. அதில் எண்ணைப் போட்டால் பக்கத்தில் "ஆண்டுகள்" என்பது தானாக வந்து நிற்கும். மாதம் என்று மாற்ற வேண்டுமானால் வேறொரு பட்டியலைத் திறக்க வேண்டும். இரவுப் பணியில் இருந்தவர் திறக்கவில்லை. பிழை நடந்த இடம் அவ்வளவுதான்.

இதைச் சரிசெய்து சிகிச்சையளித்த இதய மருத்துவர் கையெழுத்தும் முத்திரையும் இட்டு அளித்த விளக்கச் சான்றிதழை உங்களுக்கு அனுப்பினோம். அது "பின்னர் யோசித்து உருவாக்கப்பட்டது" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டீர்கள். பிறகு பெறப்படும் சான்றிதழ்களைக் காப்பீட்டு நிறுவனங்கள் சந்தேகத்தோடு பார்ப்பதில் நியாயம் இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. கேட்டவருக்கெல்லாம் கேட்டபடி எழுதித் தருகிற இடங்களும் உண்டு. ஆனால் சான்றிதழை நம்பாவிட்டால் அதற்கு முந்தைய தாளை அல்லவா பார்க்க வேண்டும்? அவசரப் பிரிவின் முதல் மதிப்பீட்டுத் தாள் சிகிச்சை தொடங்கும் முன் எழுதப்பட்டது. அப்போது கோரிக்கையும் இல்லை, நிராகரிப்பும் இல்லை, எண்ணைத் திருத்தி எழுத யாருக்கும் காரணமும் இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரி அந்தத் தாளிலிருந்து எடுத்து எழுதப்பட்டது. மூலமும் நகலும் வேறுபட்டால் எது நிற்கும் என்பது வழக்காடத் தெரியாத எனக்கே தெரிகிறது. மருத்துவமனை ஆவணப் பிரிவின் பதிவேட்டின்படி உங்கள் விசாரணையாளர் முழுக் கோப்பையும் வாங்கிப் பார்த்திருக்கிறார். கடிதத்தோடு அவர் இணைத்ததோ டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் பக்கம் மட்டும்.

இன்னொரு தாளும் உங்களிடமே இருக்கிறது. கேஷ்லெஸ் அனுமதிக்காக மருத்துவமனை அனுப்பும் கோரிக்கைப் படிவத்தில், நோயாளிக்கு முன்பிருந்தே உள்ள நோய்களைக் குறிக்கும் பகுதி ஒன்று உண்டு. சர்க்கரை, இதய நோய், உயர் ரத்த அழுத்தம் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே, எந்த மாதம், எந்த ஆண்டிலிருந்து என்று எழுத வேண்டும். உயர் ரத்த அழுத்தத்துக்கு எதிரே மருத்துவர் எழுதியது 03/2024. செப்டம்பர் 19 காலையிலேயே அது உங்கள் கைக்கு வந்துவிட்டது. அதைப் படித்துத்தான் முதல் அனுமதியைத் தந்தீர்கள். மாதமும் ஆண்டும் தெளிவாக எழுதப்பட்ட படிவத்தை விட்டுவிட்டு, தட்டச்சில் திரிந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டது ஏன் என்பதற்கு உங்கள் கடிதத்தில் விடை இல்லை.

இரண்டாவது காரணம் எக்கோ. இடது கீழறையின் தடுப்புச் சுவர் 12 மில்லிமீட்டர் இருக்கிறது, ஆண்களுக்கு இயல்பு அளவு 6 முதல் 10 வரை, ஆகவே நோய் பல ஆண்டுகளாக இருந்திருக்க வேண்டும் என்கிறார் உங்கள் மருத்துவர். 12 மில்லிமீட்டர் என்பது லேசான தடிப்பு. எக்கோ அறிக்கையும் அப்படித்தான் சொல்கிறது. சுவரின் தடிமன் நோய்க்குத் தேதி போடாது. அது எந்த மாதம் தடிக்கத் தொடங்கியது என்று எக்கோ கருவி சொல்லாது, உங்கள் மருத்துவரும் சொல்ல முடியாது. நெடுநாள் பிரஷர் இருந்தால் பாதிப்பு தெரியக்கூடிய விழித்திரையும் சிறுநீரும் இயல்பாக இருந்ததையாவது அவர் சேர்த்து எடைபோட்டிருக்கலாம். அவற்றைக் குறிப்பிடவே இல்லை.

சரி, ஒரு பேச்சுக்கு அவர் சொல்வதையே ஏற்றுக்கொள்வோம். யாருக்கும் தெரியாமல், எந்த அறிகுறியும் காட்டாமல், அவருக்கு முன்பே ரத்த அழுத்தம் சற்று உயர்ந்திருந்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் உங்கள் முடிவு நிற்காது. உடலுக்குள் நோய் இருந்ததா என்பது பாலிசி கேட்கும் கேள்வி அல்ல. காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் வகுத்த வரையறைப்படி, 'முன்பே இருந்த நோய்' ஆவதற்கு இரண்டில் ஒன்று நடந்திருக்க வேண்டும். பாலிசி தொடங்குவதற்கு முந்தைய குறிப்பிட்ட காலத்துக்குள் ஒரு மருத்துவர் அதைக் கண்டறிந்திருக்க வேண்டும். அல்லது அந்தக் காலத்துக்குள் அதற்கு ஒரு மருத்துவர் ஆலோசனையோ சிகிச்சையோ பரிந்துரைத்திருக்க வேண்டும், அல்லது நோயாளி அவற்றைப் பெற்றிருக்க வேண்டும். நாங்கள் பாலிசி எடுத்தபோது அந்தக் காலம் 48 மாதங்கள். 2024இல் அது 36 மாதங்களாகக் குறைக்கப்பட்டது. எந்தக் கணக்கை எடுத்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. 2018 ஆகஸ்ட் முதல் 2022 ஆகஸ்ட் வரை, என் கணவருக்கு உயர் ரத்த அழுத்தம் என்று எழுதிய ஒரு மருத்துவரின் பெயரைச் சொல்லுங்கள். அதற்கு எழுதிய ஒரு மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். உங்கள் விசாரணையாளர் தேடிய தேடலில் அப்படி ஒன்று இருந்திருந்தால் கடிதத்தின் முதல் வரியாக அதுதான் வந்திருக்கும்.

வெளிப்படுத்தும் கடமை பற்றியும் உங்கள் கடிதம் ஒரு பத்தி எழுதியிருக்கிறது. காப்பீடு என்பது முழு நல்லெண்ணத்தின் மேல் நிற்கும் ஒப்பந்தம், எனவே முக்கியமான உண்மைகளைச் சொல்லாதவர் பலன் கேட்க முடியாது என்கிறது. அந்தக் கொள்கையோடு எனக்குச் சண்டை இல்லை. உச்ச நீதிமன்றம் 2009இல் சத்வந்த் கவுர் சந்து வழக்கில் அதை உறுதியாகவே சொன்னது. நாள்பட்ட சிறுநீரக நோயும் சர்க்கரையும் இருப்பது தெரிந்தே மறைக்கப்பட்ட வழக்கு அது. அதே நீதிமன்றம் 2021இல் மன்மோகன் நந்தா வழக்கில் இதன் மறுபக்கத்தையும் சொன்னது. தனக்குத் தெரியாததையும், தெரிந்திருக்க வாய்ப்பில்லாததையும் ஒருவர் வெளிப்படுத்தவில்லை என்று குற்றம் சொல்ல முடியாது. மறைத்தார் என்பதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் காப்பீட்டு நிறுவனத்தினுடையது. உங்கள் படிவத்தில் இருந்த கேள்வி, உயர் ரத்த அழுத்தம் இருப்பதாக மருத்துவர் எவரேனும் கண்டறிந்திருக்கிறாரா, அதற்குச் சிகிச்சை பெறுகிறீர்களா என்பது. 2022 ஆகஸ்டில் அதற்கு உண்மையான விடை "இல்லை". அதைத்தான் எழுதினேன். அதே தேதிக்குத் திரும்பிப் போய் அதே கேள்வியைக் கேட்டாலும் அதையேதான் எழுதுவேன்.

மூன்றாவது காரணமான பல் விஷயத்தை நீங்கள் எழுதியிருக்கும் விதம்தான் எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. "2021 ஜூனில் 148/92 பதிவாகியுள்ளது" என்பதோடு முற்றுப்புள்ளி வைத்துவிட்டீர்கள். அதே பக்கத்தில், அதே கையெழுத்தில், அடுத்த வரியில் இருக்கும் 134/84 ஐ விட்டுவிட்டீர்கள். பல் பிடுங்கப் போகும் மனிதனுக்கு ஊசியைப் பார்த்ததும் பிரஷர் ஏறுவது பல் மருத்துவர்கள் அன்றாடம் காண்பது. அதனால்தான் உட்காரவைத்து மறுபடி அளக்கிறார்கள். ஒரே ஒரு அளவை வைத்து உயர் ரத்த அழுத்தம் என்று முடிவு செய்யக் கூடாது, வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140/90க்குக் கீழே வராவிட்டால்தான் நோயென்று கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனமும் சொல்லும் அடிப்படை. அந்தப் பல் மருத்துவர் எங்களை வேறு மருத்துவரிடம் அனுப்பவில்லை. மருந்து தரவில்லை. கவனித்துக்கொள்ளுங்கள் என்றுகூட எழுதவில்லை. கண்டறிதலும் இல்லை, ஆலோசனையும் இல்லை, சிகிச்சையும் இல்லை. அதற்கு ஓராண்டு கழித்து உங்கள் மருத்துவரே அளந்தது 128/82.

உங்கள் கடிதம் இரண்டு வெவ்வேறு விதிகளை ஒன்றாகப் பின்னியிருப்பதையும் சொல்லியாக வேண்டும். முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் முடியவில்லை என்பது ஒரு விதி. உண்மையை மறைத்ததால் பாலிசியே செல்லாது என்பது மற்றொன்று. முதலாவதன்படி, நோயைச் சொன்னவர்களுக்கும் குறிப்பிட்ட காலம் வரை அந்த நோய்க்குப் பணம் கிடைக்காது, ஆனால் பாலிசி உயிரோடு இருக்கும். இரண்டாவது, பாலிசியையே முறித்துப் போடுவது. நீங்கள் முதலாவதைச் சொல்லிக் கோரிக்கையை நிராகரித்துவிட்டு, இரண்டாவதைச் சொல்லிப் பாலிசியை ரத்து செய்ய அறிவிப்பும் கொடுத்திருக்கிறீர்கள். ஸ்டென்ட் வைத்த ஒருவருக்கு இனி வேறு எந்த நிறுவனமும் எளிதில் பாலிசி தராது என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். கோரிக்கைத் தொகையைவிட இந்த அறிவிப்புதான் எங்கள் வீட்டில் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது.

60 மாதங்கள் தொடர்ந்து பாலிசி வைத்திருந்தால், மோசடியை நிரூபித்தால் தவிர, மறைத்தல் என்று சொல்லி எதையும் மறுக்க முடியாது என்ற விதியை எனக்குச் சாதகமாக நான் இழுக்கவில்லை. எங்கள் பாலிசிக்கு அப்போது 25 மாதங்கள்தான் ஆகியிருந்தன. எனக்கு அந்த விதி தேவையும் இல்லை. நான் நிற்பது என் ஆவணங்களின் மேல்.

விசாரணை நடந்த விதம் பற்றி ஒன்று சொல்கிறேன். உங்கள் விசாரணையாளர் வீட்டுக்கு வந்து, பாதி எழுதிய ஒரு வாக்குமூலத் தாளை என் கணவரிடம் நீட்டினார். "எனக்கு ______ ஆண்டுகளாக உயர் ரத்த அழுத்தம் உள்ளது" என்று அதில் அச்சிட்டிருந்தது. எண்ணுக்கு மட்டும் இடம் விட்டு, ஆண்டு என்பதை முன்கூட்டியே முடிவு செய்த தாள். மாதம் என்று மாற்றினால் கையெழுத்திடுகிறோம் என்றோம். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். "காப்பீடு பெற்றவர் ஒத்துழைக்கவில்லை" என்று உங்கள் கடிதம் குறிப்பிடுவது இந்தச் சம்பவத்தைத்தான் என்று ஊகிக்கிறேன்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

நிராகரிப்பைத் திரும்பப் பெற்று, கோரிக்கைத் தொகையை முழுமையாக வழங்குங்கள். தாமதமான காலத்துக்கு, ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்தபடி வங்கி விகிதத்துக்கு மேல் இரண்டு சதவீதம் சேர்த்து வட்டியும் தாருங்கள்.

பாலிசி ரத்து அறிவிப்பை எழுத்துபூர்வமாகத் திரும்பப் பெறுங்கள். கோரிக்கை பற்றிய முடிவுக்காக இதைக் காத்திருக்க வைக்காதீர்கள். பாலிசி தொடர்கிறது என்ற உறுதி தனியாகவும் முதலிலும் வர வேண்டும்.

எந்தக் கோரிக்கையையும் ஓர் அலுவலர் தனியே நிராகரித்துவிட முடியாது, கோரிக்கை மறு ஆய்வுக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்பது 2024ஆம் ஆண்டின் விதி. எங்கள் கோப்பு அந்தக் குழுவின் முன் சென்றதா? சென்றிருந்தால் எந்தத் தேதியில், எந்தெந்த ஆவணங்களோடு? அவசரப் பிரிவின் மதிப்பீட்டுத் தாளும், 2022 ஆகஸ்ட் 3 பரிசோதனை அறிக்கையும், 03/2024 என்று எழுதிய கேஷ்லெஸ் படிவமும் அவர்கள் கண்ணில் பட்டனவா? குழுவின் முடிவு நகலைத் தாருங்கள். விசாரணையாளரின் முழு அறிக்கை, எக்கோ பற்றிக் கருத்துச் சொன்ன மருத்துவரின் பெயரும் பதிவு எண்ணும் கொண்ட கையெழுத்திட்ட கருத்துரை, நான் நிரப்பிய முன்மொழிவுப் படிவத்தின் நகல் ஆகியவற்றையும் அதோடு அனுப்புங்கள்.

உயர் ரத்த அழுத்தம் இருப்பதை 2022இல் நான் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்பதையும் உங்கள் ஏற்பு விதிகளைக் காட்டி விளக்குங்கள். பாலிசியையே மறுத்திருப்பீர்களா, பிரீமியத்தைக் கூட்டியிருப்பீர்களா, காத்திருப்புக் காலம் மட்டும் வைத்திருப்பீர்களா? மறைத்ததாகச் சொல்லப்படும் உண்மை உங்கள் முடிவை எப்படி மாற்றியிருக்கும் என்று சொல்லாமல், அதை முக்கியமான உண்மை என்று மட்டும் சொல்வது போதாது.

"மறைத்தார்" என்ற சொல்லை என் கோப்பிலிருந்து நீக்குங்கள். நாளை வேறொரு நிறுவனத்திடம் விண்ணப்பித்தால் இதற்கு முன் பாலிசி ரத்தானதா, கோரிக்கை மறுக்கப்பட்டதா என்று கேட்பார்கள். அங்கும் நான் உண்மையைத்தான் எழுதுவேன்.

குறைதீர்ப்பு அலுவலர் 14 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். ஒரு மாதம் கடந்தும் பதில் வராவிட்டாலோ, வரும் பதில் இதே மூன்று காரணங்களைத் திரும்பச் சொன்னாலோ, இந்தக் கோப்பு உங்கள் நிறுவனத்துக்கு வெளியே உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரான ஓம்பட்ஸ்மனிடம் போகும். அங்கே கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. நிராகரிப்புத் தேதியிலிருந்து ஓராண்டுக்குள் மனு செய்யலாம். மனு எழுதி வைத்திருக்கிறேன். அதன் முதல் இணைப்பு அவசரப் பிரிவின் அந்தத் தாள், இரண்டாவது உங்கள் பரிசோதனை அறிக்கை.

இப்படிக்கு,
பாலிசிதாரர்
(பாலிசி எண்ணும் கோரிக்கை எண்ணும் தபாலில் அனுப்பிய மடலில் உள்ளன)